கூடுதல் சம்பளத்தின் ஒரு மணி நேரம் எவ்வளவுக்குப் போகிறது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 50,000 வருகிறது. ஒன்பதரை முதல் ஆறரை வரை என்பது பெயருக்குத்தான். ஏழரைக்கு முன்னால் கிளம்பியதாக நினைவே இல்லை. மாதக் கடைசியில் ஒன்பதாகிவிடும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே 41,000 சம்பளத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது. மாதம் ஒன்பதாயிரத்தை யாராவது விடுவார்களா என்று வீட்டில் கேட்கிறார்கள். நானும் 50,000ஐ 30 நாளால் வகுத்து, அதை எட்டு மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 208 வந்தது. புது வேலைக்கு 171தான் வருகிறது. வீட்டில் சொல்வதுதான் சரியா? வரவு, செலவு, நேர விவரமெல்லாம் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த 208ஐப் பார்ப்போம். அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் விடை ஏதோ நம்பும்படி வந்துவிட்டது. 30 நாளால் வகுக்கும்போது நீங்கள் வேலைக்கே போகாத சனி, ஞாயிறும் சேர்ந்துவிடுகின்றன. அதனால் கூலி குறைந்து தெரிகிறது. எட்டு மணி நேரத்தால் வகுக்கும்போது சாலையில் போகும் நேரமும் ஆறரைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் நேரமும் விட்டுப்போகின்றன. அதனால் கூலி கூடித் தெரிகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சரி செய்தால்தான் வேலையின் உருவம் தெரியும்.

இதை மாதக் கணக்கில் போடாமல் ஆண்டுக் கணக்கில் போட வேண்டும். போனஸ், லீவு, மாதக் கடைசி நெருக்கடி எல்லாம் ஆண்டுக்குள்தான் சமமாகும். மேலே வரவு, கீழே மணி நேரம், அவ்வளவுதான் சூத்திரம். எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

வரவிலிருந்து தொடங்கலாம். கைக்கு வருவது ஆண்டுக்கு 6,00,000. சம்பளச் சீட்டில் ஓய்வுக்கால நிதிக்கு மாதம் 3,000 பிடிக்கிறார்கள், நிறுவனமும் அதே அளவு போடுகிறது. வரி போனால் போனதுதான்; இது உங்கள் பெயரில் சேரும் பணம். ஆகவே இரண்டையும் திரும்பச் சேர்க்க வேண்டும்: 72,000. வரி போன போனஸ் 30,000. மொத்தம் 7,02,000. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். உங்கள் பயணச் செலவும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்து போகின்றன. வரவையும் அதே தளத்தில் வைத்தால்தான் கழித்தல் நியாயமாக இருக்கும்.

வேலை நாள்கள்: 52 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 260. பொது விடுமுறை 10. லீவு 24 நாள் உண்டு என்று எழுதிவிட்டு, போன ஆண்டு எடுத்தது 10 என்று அடைப்புக்குள் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குக்கு அந்தச் சின்ன எண்தான் வேண்டும். எடுக்காத லீவுக்குப் பணம் கொடுத்தால் அதை வரவில் சேர்க்கலாம். உங்கள் இடத்தில் கொடுப்பதில்லை, ஆகவே அந்த 14 நாளும் இலவச உழைப்பு. மிஞ்சுவது 240 நாள். நிறுவனத்தின் கண்ணோட்டத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 1,920 மணி. 7,02,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 366. காகிதத்தில் உங்கள் கூலி இதுதான். நீங்கள் நினைத்ததை விட நல்ல சம்பளம்!

இனி கீழே இருக்கும் எண்ணை உண்மையாக்குவோம்.

எந்த நேரத்தைச் சேர்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்த வேலை இல்லாவிட்டால் அந்த நேரம் என் கையில் இருந்திருக்குமா? இதன்படி மதிய உணவு இடைவேளை உள்ளே வருகிறது. சம்பளம் இல்லாத இடைவேளை என்று சீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் வீட்டுக்கு வந்து போக முடியாது. நீங்களே எழுதியதுபோல் பாதி நாள் திரையைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறீர்கள். ஆகவே நாளுக்கு ஒன்பது மணி, ஆண்டுக்கு 2,160. காலையில் குளிப்பதும் உடுத்துவதும் வேலை இல்லாவிட்டாலும் நடக்கும். அதை நான் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஒன்றும் செய்யத் தோன்றாமல் கிடப்பதைச் சிலர் சேர்ப்பார்கள். அது உண்மைதான் என்றாலும் முதல் சுற்றில் சேர்க்க வேண்டாம். கடிகாரத்தில் காட்ட முடிந்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டால், வீட்டில் விவாதம் வரும்போது உங்கள் எண்ணை யாரும் அசைக்க முடியாது.

பயணத்தை வீட்டு வாசலைப் பூட்டும் நேரத்திலிருந்து இருக்கையில் உட்காரும் நேரம் வரை அளக்க வேண்டும். செயலியில் காட்டும் 50 நிமிடத்தில் வண்டியை நிறுத்துவதும், பேருந்துக்குக் காத்திருப்பதும், லிஃப்டுக்கு நிற்பதும் இருக்காது. நீங்கள் ஒன்றேகால் மணி என்று வாசலிலிருந்தே அளந்திருக்கிறீர்கள், நல்லது. நாளுக்கு இரண்டரை மணி, ஆண்டுக்கு 600.

கூடுதல் நேரத்தை நினைவிலிருந்து எழுதினால் பொதுவாகத் தப்பாகும். மோசமான வாரம் மட்டும் மனதில் நிற்கும், இல்லாவிட்டால் பழகிப்போய் மறந்தே போகும். நீங்கள் ஒரு முழு மாதத்துக்கு வருகைப் பதிவைப் பார்த்து எழுதியிருப்பதால் நம்பலாம். கணக்குப் பிரிவில் இரண்டு வாரத்தை மட்டும் அளந்தால் மாதக் கடைசி விட்டுப்போகும், அல்லது அதுவே பாதியாகிவிடும். உங்கள் பதிவின்படி மாதக் கடைசியில் நான்கு நாள் இரண்டரை மணி நேரம் கூடுதல், மற்ற 16 நாளும் ஒரு மணி நேரம். மாதத்துக்கு 26, ஆண்டுக்கு 312 மணி. அப்புறம் வீட்டிலிருந்து: மாதம் ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம், இரவில் வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வது நாளுக்குக் கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரம்தான் ஆண்டுக்கு 60 மணியாக நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 96.

எல்லாம் கூட்டினால் 3,168 மணி. காகிதத்தில் இருந்த 1,920 எங்கே, இது எங்கே!

செலவில் ஒரு எச்சரிக்கை. வேலைக்காகக் கூடுதலாகும் செலவை மட்டும்தான் கழிக்க வேண்டும், முழுச் செலவை அல்ல. வெளியே சாப்பிடும் முழுத் தொகையை எழுதியிருந்தீர்கள். வீட்டில் சாப்பிட்டாலும் ஒரு செலவு உண்டு, ஆகவே வித்தியாசத்தை மட்டும், மாதம் 1,800 என்று எடுத்துக்கொண்டேன். உடையும் அப்படித்தான், வேலைக்கென்றே வாங்குவது ஆண்டுக்கு 8,000. காப்பகத்தில் ஆறு மணிக்கு மேல் குழந்தை இருப்பதற்கு வாங்கும் கூடுதல் கட்டணம் மாதம் 2,500. இதை நீங்கள் 'குழந்தைச் செலவு' என்ற தலைப்பில் போட்டிருந்தீர்கள். குழந்தைக்கு ஆகும் செலவு ஆறு மணியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே போவது உங்கள் அலுவலகத்துக்காக நீங்கள் கட்டும் பணம். பயணம் மாதம் 3,600, மாதக் கடைசி இரவுகளில் டாக்சிக்கு 1,400, அலுவலகத்தில் பிறந்தநாள், பிரிவுபசாரம் என்று பிரிக்கும் பணம் 400, போன் டேட்டா 300. ஆண்டுக்கு எல்லாம் சேர்ந்து 1,28,000. மனம் சரியில்லாமல் போய் வாங்கிய பொருள்களைப் பட்டியலின் கடைசியில் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். அதை விட்டுவிட்டேன். அதற்கு வேலைதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது.

7,02,000 கழித்தல் 1,28,000, மிச்சம் 5,74,000. அதை 3,168 மணியால் வகுத்தால் மணிக்கு 181. சீட்டு சொல்லும் 366இல் கிட்டத்தட்ட பாதி.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பார்த்தாயா எப்படிச் சுரண்டுகிறார்கள் என்று கோபப்படுவது சுலபம். ஆனால் 181 என்ற எண்ணை விட, 366 எப்படி 181 ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செலவைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்: 7,02,000ஐ 3,168ஆல் வகுத்தால் 222. அதாவது 144 நேரத்தால் போகிறது, மிச்சம் 40 சொச்சம்தான் செலவால் போகிறது. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் மக்கள் அதைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அதில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ஓட்டை நேரத்தில் இருக்கிறது.

சரி, புது வேலைக்கு வருவோம். அங்கே கைக்கு 41,000, ஓய்வுக்கால நிதி இரு பக்கமும் சேர்த்து மாதம் 5,000, போனஸ் கிடையாது. ஆண்டுக்கு 5,52,000. உங்கள் தாளில் நீங்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு வரி உண்டு: மாதம் இரண்டு சனிக்கிழமை வேலை. அது 24 நாள் கூடுதல், ஆக 264 நாள். ஒன்பது முதல் ஐந்தரை வரை எட்டரை மணி நேரம், ஆண்டுக்கு 2,244. பயணம் ஒரு வழிக்கு 20 நிமிடம், ஆண்டுக்கு 176 மணி. கூடுதல் நேரம் எவ்வளவு என்று உள்ளே போகாமல் தெரியாது. இப்போதைக்கு நாளுக்கு 20 நிமிடம் என்று 88 மணி வைத்தேன். மொத்தம் 2,508. செலவில் பயணம் 7,200, உடை 5,000, அலுவலகத்தில் பிரிக்கும் பணம் 4,800, சனிக்கிழமைகளில் காப்பகத்துக்கு 9,000, ஆக 26,000. மதியம் வீட்டுச் சாப்பாடு என்பதால் அதற்கு ஒன்றும் இல்லை. மிச்சம் 5,26,000. மணிக்கு 210.

181க்கு எதிராக 210. புது வேலை மேல் என்று சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் வீட்டார் கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது. மணிக்கு எவ்வளவு என்பதா முக்கியம், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு என்பதுதானே முக்கியம் என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கையும் போட்டேன். இப்போதைய 50,000இல் வேலைச் செலவு மாதம் 10,667 போகிறது, மிஞ்சுவது 39,333. புது வேலையில் 41,000இல் 2,167 போய் 38,833. மாதம் ஒன்பதாயிரம் என்று பேசப்படும் இழப்பு, கையில் நிற்கும் காசில் 500. மீதி வித்தியாசம் ஆண்டுக்கொருமுறை வரும் போனஸும், ஓய்வுக்கால நிதியில் மாதம் ஆயிரம் குறைவதும்தான். அவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு 48,000 குறையும். அதுதான் உண்மையான இழப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த 48,000ஐச் சம்பாதிக்க நீங்கள் எவ்வளவு நேரம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்? 3,168இலிருந்து 2,508ஐக் கழித்தால் 660 மணி. 48,000ஐ 660ஆல் வகுத்தால் 73 வரும். இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்பும் எண் இதுதான். சராசரியில் முதல் மணி நேரமும் கடைசி மணி நேரமும் கலந்துவிடுகின்றன. இதில் அந்தக் கடைசி 660 மணி மட்டும் தனியாக நிற்கிறது. புது வேலையில் ஒரு மணிக்கு 210 கிடைக்க, அதற்கு மேல் பழைய வேலை உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு மணியையும் 73க்கு வாங்கிக்கொள்கிறது. வாரத்துக்கு 61 மணி நேரம் வேலைக்குப் போகிறதா, 48 மணி நேரமா என்பதுதான் வித்தியாசம். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தை யாராவது உங்களிடம் தனியாக வந்து மணிக்கு 73 தருகிறேன் என்று கேட்டால் கொடுப்பீர்களா? வீட்டில் பேசும்போது இந்தக் கேள்வியை இப்படியே கேட்டுப் பாருங்கள்.

பயண நேரத்தை முழுதாக எண்ணுவது அநியாயம், புத்தகம் படிக்கலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும். உட்கார இடம் கிடைக்கும் நீண்ட ரயில் பயணத்துக்கு அது பொருந்தும். உங்கள் பயணத்தில் பாதி வண்டி ஓட்டுவது, பாதி நின்றுகொண்டு போவது. டேனியல் கானமனும் ஆலன் க்ரூகரும் சக ஆய்வாளர்களோடு 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை நேரம் நேரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் இருந்தது, வேலை செய்யும் நேரத்துக்கும் கீழே. ஆகவே பயணத்தை வேலையை விட இலேசான நேரமாக எண்ணக் காரணம் இல்லை. இருந்தாலும் வாதத்துக்காக உங்கள் 600 மணியில் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 73 என்பது 133 ஆகிறது, அவ்வளவுதான். 210ஐத் தொடவில்லை.

ஆனால் உடனே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். இந்தக் கணக்கில் இன்னொரு பயன் இருக்கிறது. இப்போதைய வேலையிலேயே எதைத் தொட்டால் எவ்வளவு மாறும் என்று அது சொல்லிவிடும்.

உங்கள் ஏழரை மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளைகளிலிருந்து அன்றைய வசூல் கணக்கு ஆறே முக்காலுக்குத்தான் வருகிறது, வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் மெதுவாக வேலை செய்வதால் தாமதமாகவில்லை. உங்கள் வேலை நேரம் முடிந்த பிறகு தொடங்கும் வேலை அது. எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஆறரைக்குக் கிளம்ப முடியாது. இதை உங்கள் திறமைக் குறைவாக நீங்களே எடுத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. பதிவேட்டைப் பார்த்தால் 16 நாளும் ஏழரை, ஏழு முப்பத்தைந்து, ஏழரை என்று ஒரே மாதிரி இருக்கிறது. ஆளைப் பொறுத்த தாமதம் இப்படி வராது; ஒருநாள் ஏழு, ஒருநாள் எட்டு என்று சிதறும். ஒரே நேரத்தில் முடியும் தாமதம் வேலை அமைப்பிலிருந்து வருவது. இதற்கு இரண்டே வழி. ஒன்று, அந்த ஒப்பீட்டை மறுநாள் காலை முதல் வேலையாக வைப்பது. இல்லையென்றால், பத்தரைக்கு வந்து ஏழரைக்குப் போக அனுமதி கேட்பது. இரண்டாவதில் மாலை வீடு திரும்பும் நேரம் அப்படியே நிற்கும், ஆகவே முதலாவதைக் கேளுங்கள். ஆண்டுக்கு 192 மணி குறையும், மணிக்கு 193 ஆகும். நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை.

அதை விடப் பெரியது, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. 96 நாள் பயணம் மிச்சம், அதாவது 240 மணி. பயணச் செலவிலும் சாப்பாட்டிலும் 26,000 மிச்சம். மணிக்கு 205 வந்துவிடும், புது வேலைக்குக் கிட்டத்தட்ட சமம். நேரத்தை மாற்றாமல் சம்பள உயர்வு மூலமாக இதே 205ஐ எட்ட வேண்டுமானால், மாதம் 6,300 கைக்குக் கூடுதலாக வர வேண்டும். உங்கள் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த அளவு உயர்வு கேட்டால் கொடுப்பார்களா என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் கேட்டால் யோசிக்கவாவது செய்வார்கள். இதனால்தான் பேரம் பேசப் போவதற்கு முன்னால் கணக்குப் போடச் சொல்கிறேன். பலர் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதைவிட மதிப்புள்ளதை விட்டுவிட்டு வருகிறார்கள்.

மேலாளரிடம் 181, 73 என்ற எண்களைக் காட்ட வேண்டாம். அவருக்கு அவை புகாராகத்தான் கேட்கும். நீங்கள் தூரத்தில் குடியிருப்பது அவர் குற்றமும் இல்லை. அவரிடம் ஆறே முக்கால் விஷயத்தைப் பேசுங்கள், வருகைப் பதிவைக் காட்டுங்கள், எந்த வேலை எந்த இரண்டு நாளில் வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

இந்தக் கணக்குக்குள் வராதவை சில உண்டு. மருத்துவக் காப்பீடு முதலாவது. இப்போது குடும்பத்துக்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புது இடத்தில் என்ன என்று எழுதவில்லை. உங்களுக்கு மட்டும்தான் என்றால், குடும்பத்துக்கு வெளியே வாங்க ஆகும் தொகையைக் கேட்டு, செலவில் சேர்த்துவிடுங்கள். உதாரணத்துக்கு ஆண்டுக்கு 18,000 என்றால் 210 என்பது 203 ஆகும், 73 என்பது 100 ஆகும். முடிவு மாறாது, ஆனால் இடைவெளி சுருங்கும்.

இரண்டாவது, வளர்ச்சி. இப்போதைய வேலையில் கற்றுக்கொண்டு மேலே போகிறீர்கள் என்றால், மணிக்கு 73 என்பதை முதலீடாகக் கொள்ளலாம். அது உண்மையா என்று பார்க்க உங்களுக்கு ஐந்து ஆண்டு மூத்தவர் ஒருவரைக் கவனியுங்கள். அவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்பது தெரியாவிட்டாலும், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்பது தெரியும். அவரும் ஏழரைக்கு அதே கிளைக் கணக்குக்குக் காத்திருந்தால், உங்கள் 660 மணி எதிலும் முதலீடாகவில்லை. மூன்றாவது, கடன். மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும் வீட்டில் போனஸ் பணத்தை ஏற்கனவே எதற்காவது ஒதுக்கியிருந்தால், நேரம் மிச்சமாவது தவணையைக் கட்டாது. அந்த 30,000க்கு வேறு வழி என்ன என்று முதலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

புது வேலையில் எனக்குச் சந்தேகமாக இருப்பது அந்த 20 நிமிடம்தான். ஐந்தரைக்கு முடியும் என்று எல்லா நிறுவனமும்தான் சொல்லும். ஆகவே எவ்வளவு கூடுதல் நேரம் ஆனால் புது வேலையும் 181க்கு இறங்கிவிடும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் வருகிறது. அதாவது சராசரியாக ஏழு இருபது வரை உங்களை உட்கார வைத்தால்தான் இரண்டு வேலையும் ஒன்றாகும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் பொதுவாக எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். போன மாதக் கடைசியில் எத்தனை மணி, சனிக்கிழமை மாதம் இரண்டோடு நிற்கிறதா, உங்களுக்கு முன் இந்த இருக்கையில் இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கம்தானே, மாதத்தின் கடைசி வேலை நாளன்று மாலை ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்தின் வழியாக ஒரு நடை போய், கணக்குப் பிரிவு இருக்கும் மாடியில் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.